இலக்கணமயமாதல்: ‘கொள்’ என்னும் வினையின் வழி

தனிப்பொருள் உடைய ஒரு சொல் காலப்போக்கில் அப்பொருளை இழந்து, துணைவினையாகவோ வேற்றுமை உருபாகவோ வேறு இலக்கணக் கூறாகவோ மாறுவதை மொழியியலார் இலக்கணமயமாதல் என்பர். இப்பெயரை 1912இல் பிரெஞ்சு மொழியியலாளர் அந்துவான் மெய்யே தம் கட்டுரை ஒன்றில் ஆண்டார். ஆனால் அந்நிகழ்வைத் தமிழ் இலக்கண மரபு அதற்கு முன்பே தன் போக்கில் கண்டுகொண்டிருந்தது. உருபின் வேலையைச் செய்யும் முழுச்சொற்களுக்குச் ‘சொல்லுருபு’ என்று அது பெயரிட்டது. மூன்றாம் வேற்றுமைக்குக் ‘கொண்டு’, ஐந்தாம் வேற்றுமைக்கு ‘இருந்து’, ‘நின்று’ எனப் பள்ளி இலக்கணத்தில் படிக்கும் பட்டியலில் பெரும்பகுதி பழைய வினையெச்சங்களே. தமிழில் இம்மாற்றத்தை முழு நீளத்தில் காட்டும் வினை ‘கொள்’. ஒரே வினை ஒரு பக்கம் துணைவினையாகவும் மறுபக்கம் வேற்றுமைச் சொல்லுருபாகவும் பிரிந்து போயிருக்கிறது.

முழுவினையாகக் ‘கொள்’ என்பதற்கு வாங்குதல், பெறுதல், ஏந்துதல், தன்னுள் அடக்குதல் என்பன பொருள். சங்க நூல்களில் இவ்வினை பெரிதும் இப்பொருள்களிலேயே வழங்குகிறது. இன்று இப்பயன்பாடு சுருங்கிவிட்டது. ‘கொள்முதல்’, ‘கொள்கலன்’, ‘கொண்டான் கொடுத்தான்’ போன்ற ஆட்சிகளிலும், ‘குடம் பத்து லிட்டர் கொள்ளும்’ என்பது போன்ற பேச்சிலும்தான் எஞ்சி நிற்கிறது. கடையில் அரிசி ‘கொண்டேன்’ என்று இப்போது யாரும் சொல்வதில்லை. அந்த இடத்தை ‘வாங்கு’ பிடித்துக்கொண்டது.

துணைவினையாக மாறியதற்கான முதல் படி எளிதாக விளங்கும். ‘முகவரியை எழுதினான்’ என்றால் செயல் மட்டுமே. ‘முகவரியை எழுதிக்கொண்டான்’ என்றால் எழுதியது தனக்காக. எழுதி, பின் அதைத் தன்னிடம் கொண்டான் என்ற பழைய பொருளின் நிழல் இங்கே இன்னும் இருக்கிறது. அடுத்த படியில் நிழலும் இல்லை. ‘குழந்தை விழித்துக்கொண்டது’, ‘மழை பிடித்துக்கொண்டது’ என்னும்போது எடுக்கவோ ஏந்தவோ எதுவுமில்லை. மழைக்குக் கையும் இல்லை. இப்படிப் பொருள் வெளிறிய பிறகு, செயலின் விளைவு செய்தவன்மேலேயே நிற்கிறது, நிலை மாறி நிலைத்தது என்ற இலக்கணக் குறிப்பு மட்டும் மிஞ்சுகிறது. ‘ஒத்துக்கொள்’ போன்றவற்றில் துணைவினையைக் கழற்றவே முடியாத அளவுக்கு ஒட்டிவிட்டது. எ. அண்ணாமலை 1985இல் வெளியிட்ட நூல் தமிழ்த் துணைவினைகளின் இந்த இயக்கத்தை விரிவாக ஆராய்கிறது.

மூன்றாவது படியில் ‘கொள்’ இன்னொரு துணைவினையோடு சேர்ந்தது. ‘பாடிக்கொண்டு நடந்தான்’ என்பதில் இரு செயல்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நடப்பதற்குப் பதில் ‘இரு’ வந்ததும் ‘பாடிக்கொண்டிருக்கிறான்’ என்ற தொடர்வினை கிடைத்தது. இங்கே ‘கொள்’ தனக்கான பயனையும் சொல்வதில்லை, ‘இரு’ ஓரிடத்தில் தங்குவதையும் சொல்வதில்லை. ‘ரயில் ஓடிக்கொண்டிருக்கிறது’ என்பதில் ரயில் எங்கும் இருக்கவில்லை.

பொருள் தேய்ந்தால் ஒலியும் தேயும் என்பது இத்துறையின் அடிப்படைக் கருத்து. அதைப் பேச்சுத் தமிழில் காதாலேயே சோதிக்கலாம். துணைவினைக் ‘கொண்டு’ தமிழ்நாட்டுப் பேச்சில் பரவலாகக் ‘கிட்டு’ ஆயிற்று (‘படிச்சுக்கிட்டிருக்கான்’). சென்னைப் பேச்சில் அது ‘கினு’, பிராமணர் பேச்சில் ‘ண்டு’ (‘படிச்சுண்டிருக்கான்’). யாழ்ப்பாணத்தில் ‘கொண்டு’ குலையாமல் நிற்கிறது: ‘படிச்சுக்கொண்டிருக்கிறன்’. ஆனால் முழுவினை எங்கும் இப்படித் தேயவில்லை. ‘படிச்சுக்கிட்டு’ என்று சொல்லும் அதே ஆள், ‘குடம் எவ்வளவு கொள்ளும்?’ என்றுதான் கேட்பார், ‘கிள்ளும்’ என்றோ ‘கிட்டும்’ என்றோ அல்ல. ‘கொண்டு வா’ சுருங்கினாலும் ‘கொண்டா’ ஆகிறதே தவிரக் ‘கிட்டு வா’ ஆவதில்லை. ஒரே வாயில் ஒரு சொல் இரண்டாகப் பிரிந்து வாழ்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

தேய்மானம் சிக்கலையும் கொண்டுவரும். சில வட்டாரங்களில் ‘கிட்டு’ மேலும் சுருங்கி ‘ட்டு’ ஆகிவிட்டது. ‘விட்டு’ என்னும் துணைவினையும் தேய்ந்து அதே ‘ட்டு’வில் வந்து நிற்கிறது. ‘பேசிட்டு சாப்பிட்டான்’ என்றால் பேசி முடித்துவிட்டுச் சாப்பிட்டான். ‘பேசிட்டே சாப்பிட்டான்’ என்றால் பேசிக்கொண்டே சாப்பிட்டான். ஓர் ஏகாரம்தான் இரண்டையும் காப்பாற்றுகிறது.

வேற்றுமைப் பக்கம் போன கிளைக்குத் தொடக்கம் ‘கத்தியைக் கொண்டு வெட்டினான்’ போன்ற தொடர். கத்தியைக் கையில் எடுத்து வெட்டினான் என்றும் கொள்ளலாம், கத்தியால் வெட்டினான் என்றும் கொள்ளலாம். இத்தகைய இரட்டைப் பொருள் தொடர்கள்தாம் மாற்றத்தின் வாசல். எப்போது வாசலைத் தாண்டியது என்று அறிய இரண்டு சோதனைகள் போதும். முதலாவது எழுவாய். வினையெச்சமும் முடிக்கும் வினையும் பொதுவாக ஒரே எழுவாய் கொள்ளும். ‘இந்த மண்டபம் கருங்கல்லைக் கொண்டு கட்டப்பட்டது’ என்பதில் மண்டபம் கல்லை எடுக்கவில்லை. ஆகவே இங்கே ‘கொண்டு’ எச்சமே அல்ல. இரண்டாவது எதிர்மறை. உண்மையான எச்சமாக இருந்தால் ‘கொள்ளாமல்’ என்று மாறவேண்டும். ‘கத்தியைக் கொள்ளாமல் வெட்டினான்’ என்று யாரும் சொல்வதில்லை, ‘கத்தி இல்லாமல்’ என்றுதான் வரும்.

ஆனால் ‘கொண்டு’ முழு உருபாகிவிடவில்லை. அதற்கு முன் நிற்கும் பெயர் இன்னும் ‘ஐ’யை ஏற்கிறது. முழுவினைக்குச் செயப்படுபொருள் இருந்ததன் எச்சம் அது. ஐந்தாம் வேற்றுமையின் ‘இருந்து’ இதைவிட முன்னே போயிருக்கிறது. ‘மதுரையில் இருந்து வந்தான்’ என்று, மதுரையில் தங்கி வந்தான் என்ற பொருளில் தொடங்கியது, ‘காலையிலிருந்து’, ‘மரத்திலிருந்து’ என்று தங்குதலே இல்லாத இடங்களுக்குப் பரவி, ‘இல்’ உருபோடு ஒட்டிவிட்டது. மலையாளம் இதே வேலைக்கு ‘நில்’ வினையைத் தேர்ந்து ‘நின்னு’ என்கிறது. கருவிப் பொருளுக்கு மட்டும் தமிழைப் போலவே ‘கொண்டு’.

பேச்சுத் தமிழிலோ கருவிப் பொருளுக்குக் ‘கொண்டு’ ஏறக்குறைய ஓய்வு பெற்றுவிட்டது. அவ்விடத்தில் ‘வச்சு’ வந்திருக்கிறது: ‘கத்தியை வச்சு வெட்டினான்’. நேர்ப்பொருளில் எடுத்தால், கத்தியைக் கீழே வைத்தவன் எப்படி வெட்டுவான் என்று கேட்கத் தோன்றும். ‘வைத்திருத்தல்’ என்பதில் வரும் உடைமைப் பொருளே இதற்குப் பாலம். பழைய சொல்லுருபு தேய்ந்தபின் புதிய வினை ஒன்று அதே பாதையில் நுழைவது பல மொழிகளிலும் காணும் வழக்கம்.

எழுத்தில் இவ்வரலாறு சேர்த்து எழுதுவதா பிரித்து எழுதுவதா என்ற சிக்கலாக இன்றும் தொடர்கிறது. ‘வாங்கிக் கொண்டு வந்தான்’ என்று எல்லாவற்றையும் பிரித்து அச்சிட்டால், ‘வாங்கிக்கொண்டு வந்தான்’ என்பதா, ‘வாங்கிக் கொண்டுவந்தான்’ என்பதா என்பது தெரியாமல் போகிறது. முன்னதில் ‘கொண்டு’ துணைவினை, பின்னதில் முழுவினையின் பகுதி. துணைவினையை முதல்வினையோடு சேர்த்தும், வேற்றுமைச் சொல்லுருபான ‘கொண்டு’வைப் பிரித்தும் எழுதுவதே சரி.