வட்டியில்லாக் கடனுக்கும் வருமான வரியா?

வேலை செய்யும் நிறுவனத்திலிருந்து வட்டியில்லாமல் கடன் கிடைத்தால் நம்மில் பலருக்கும் பெரிய நிம்மதி. ஆனால் சில மாதங்களில் சம்பளச் சீட்டில் வரிப் பிடித்தம் கூடியிருப்பதைக் கண்டு, "வாங்கிய கடன் எப்படி வருமானமாகும்?" என்று கேட்கிறோம்.

வரி போடப்படுவது கடன் தொகைக்கு அல்ல. அதனால் நமக்கு மிச்சமாகும் செலவுக்கு. ஒருவர் 50,000 ரூபாய் சம்பளம் வாங்குகிறார். இன்னொருவர் 40,000 ரூபாயும், 10,000 ரூபாய் வாடகை பெறும் வீடும் பெறுகிறார். இருவர் பெறுவதும் ஒன்றே. சலுகைக்கு வரி இல்லையென்றால் எல்லா நிறுவனங்களும் சம்பளத்தைக் குறைத்துச் சலுகைகளாகவே கொடுத்துவிடும். அதே நேரம், அலுவலக வேலைக்காகத் தரும் மடிக்கணினி, வேலை நேரத்துத் தேநீர் போன்றவற்றுக்கு வரி இல்லை.

இந்தியாவில் 2026 மார்ச் வரை 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 17(2) பிரிவும், அதன் கீழுள்ள 3-ஆம் விதியும் இதைக் கூறின. நிதியாண்டின் முதல் நாளில் அதே வகைக் கடனுக்கு ஸ்டேட் வங்கி வசூலிக்கும் வட்டி விகிதமே அளவுகோல். ஒவ்வொரு மாதக் கடைசி நாளிலும் பாக்கியுள்ள தொகைக்கு அது கணக்கிடப்படும். வங்கி ஊழியர்கள் இதை எதிர்த்துத் தொடுத்த வழக்கில், விதி செல்லும் என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஓர் உதாரணம். ஏப்ரல் முதல் தேதி 3 லட்சம் ரூபாய் கடன். மாதக் கடைசியில் 25,000 ரூபாய் தவணை. ஏப்ரல் இறுதியில் பாக்கி 2,75,000. மே இறுதியில் 2,50,000. இப்படிப் பன்னிரண்டு மாத பாக்கிகளையும் கூட்டினால் 16,50,000. விகிதம் 12 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு 1 சதவீதம். சலுகையின் மதிப்பு 16,500 ரூபாய். இது சம்பளத்துடன் சேரும். 20 சதவீத வரி வரம்பில் உள்ளவருக்கு வரி 3,300 ரூபாய், 4 சதவீத செஸ் சேர்த்து 3,432 ரூபாய்.

இதில் நாம் யாருக்கும் வட்டி கொடுக்கவில்லை. வட்டி விகிதம் சலுகையை மதிப்பிடும் அளவுகோல் மட்டுமே. கட்டுவது அரசுக்கான வருமான வரி.

இவ்விதியின்படி 2026 மார்ச் வரை, மொத்தக் கடன் 20,000 ரூபாய்க்குள் இருந்தால் வரி இல்லை. புற்றுநோய் போன்ற, விதியில் குறிப்பிட்ட நோய்களின் சிகிச்சைக்கு வாங்கிய கடனுக்கும் இல்லை. ஆனால் காப்பீட்டில் திரும்பக் கிடைத்த தொகைக்கு இந்த விலக்கு பொருந்தாது. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால், அதன் பிறகு பாக்கியுள்ள கடனுக்கு நடப்பு வரம்பைச் சம்பளப் பிரிவில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

தவணை கட்டக் கட்ட சலுகை மதிப்பு மாதந்தோறும் குறைய வேண்டும். குறையாமல் ஒரே தொகையாக நின்றால், முழுக் கடனுக்கும் கணக்கிட்டிருக்கக்கூடும். பாக்கிப் பட்டியலைக் காட்டி, நிதியாண்டு முடியும் முன்பே திருத்தச் சொல்லலாம்.