நாள் குறித்த சேமிப்பு: திருப்பனந்தாள் நெல் வருமானத்தில் ஆர்.டி.யும் எஸ்.ஐ.பி.யும்

மாதாமாதம் சிறு தொகை சேர்ப்பவர் அதை அஞ்சலகத் தொடர் வைப்பில் (ஆர்.டி.) போடுவதா, மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி.யாகப் போடுவதா என்ற கேள்வி பெரும்பாலும் வட்டி வீத ஒப்பீட்டோடு முடிந்துவிடுகிறது. ஆனால் பணம் எந்த நாளில் தேவை, அந்த நாளைத் தள்ளிப்போட முடியுமா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. தள்ளிப்போட முடியாத ஐந்தாண்டுத் தேவைக்கு ஆர்.டி.யே ஏற்றது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

திருப்பனந்தாளில் சொற்ப நிலம் வைத்துப் பயிர் செய்யும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகள் ஐந்தாண்டில் கல்லூரியில் சேருவாள். அப்போது ₹1,50,000 வேண்டும். சேர்க்கை நாள் இவர்களுக்காகக் காத்திருக்காது. 2023 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட 6.7 விழுக்காடு வட்டியில் மாதம் ₹2,110 வீதம் 60 தவணை கட்டினால், முதிர்வில் ஏறத்தாழ ₹1,50,580 கிடைக்கும். கணக்குத் தொடங்கிய நாளின் வட்டியே கடைசிவரை நிற்கும். ஆகவே ஐந்தாண்டு கழித்து வரப்போகும் தொகையை முதல் நாளே பாஸ்புக்கின் ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

எஸ்.ஐ.பி. ஆண்டுக்கு 12 விழுக்காடு தரும் என்றே வைத்துக்கொள்வோம். அதே தொகைக்கு மாதம் ₹1,820 போதும். அதாவது, எல்லாம் நல்லபடி நடந்தால் இக்குடும்பத்துக்கு மிச்சமாவது மாதம் ₹290. அந்த ₹290-க்காக எதைப் பணயம் வைக்கிறார்கள்?

விடை 2020 மார்ச்சில் இருக்கிறது. 2015 ஏப்ரலில் தொடங்கி, நிஃப்டி 50 குறியீட்டைப் பின்பற்றும் ஃபண்டில் மாதம் ₹1,000 போட்டு வந்தவரின் கணக்கைப் பார்க்கலாம். அந்த ஐந்தாண்டில் அவர் யூனிட் வாங்கிய சராசரி நிலை குறியீட்டில் 9,600-ஐ ஒட்டியது. கொரோனா அச்சத்தில் 2020 மார்ச் 23 அன்று நிஃப்டி 7,610-ல் முடிந்தது. போட்ட ₹60,000, ஈவுத்தொகை சேர்த்தும் ₹50,000 அளவுக்குச் சுருங்கியது. அதே 2015 ஏப்ரலில் 8.4 விழுக்காட்டில் தொடங்கிய அஞ்சலக ஆர்.டி.யோ சுமார் ₹74,650-ஆக முதிர்ந்தது.

கதை அத்துடன் நிற்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் கடைசியில் நிஃப்டி 13,981. யூனிட்டுகளை விற்காமல் வைத்திருந்தவரிடம் ₹86,000-க்கு மேல் இருந்தது, ஆர்.டி.யை விட ₹11,000-க்கும் அதிகம். ஒன்பது மாதம் பொறுக்க முடிந்தவருக்கு எஸ்.ஐ.பி. நல்ல வழியாகவும், மார்ச்சிலேயே கட்டணம் கட்ட வேண்டியிருந்தவருக்கு அதே எஸ்.ஐ.பி. கடன் வாங்க வைத்த வழியாகவும் அமைந்தது. மாதத் தவணை வாங்கும் விலையைத்தான் சராசரியாக்குகிறது. விற்கும் விலை அந்த ஒரு நாளின் விலைதான்.

டெல்டாவுக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. இங்கே வருமானம் மாதச் சம்பளம்போல் வருவதில்லை. குறுவைக்குப் பிறகு ஒருமுறை, சம்பாவோ தாளடியோ அறுத்துக் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பிறகு ஒருமுறை என வருகிறது. ஆர்.டி.யில் இதற்கு இடம் இருக்கிறது. ஆறு மாதத் தவணையை முன்கூட்டியே ஒன்றாகக் கட்டினால் நூறு ரூபாய்த் தவணைக்கு ₹10, பன்னிரண்டு மாதத்துக்கு ₹40 தள்ளுபடி. ₹2,110 தவணைக்கு இது முறையே ₹210, ₹840 அளவில் வரும்; முன்கூட்டிப் போட்ட பணத்துக்கான வட்டிக்கு இது குறைவில்லை. தவறவிட்ட மாதத்துக்கு நூறுக்கு ₹1 அபராதம். நான்கு தவணை தவறினால் கணக்கு நின்றுவிடும். இரண்டு மாதத்துக்குள் நிலுவையைக் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். எஸ்.ஐ.பி. தவணை நாளில் வங்கிக் கணக்கில் பணம் இல்லாவிட்டால், ஃபண்ட் நிறுவனம் அபராதம் கேட்காது. வங்கி கட்டணம் பிடித்துக்கொள்ளும்.

ஆர்.டி.யின் குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. மூன்றாண்டுக்கு முன் கணக்கை முடிக்க முடியாது. அதன்பின் இடையில் முடித்தால் சேமிப்புக் கணக்கு வட்டிதான். அவசரத்துக்கு, ஓராண்டு தவணை கட்டியபின், இருப்பில் பாதி வரை கடன் வாங்கலாம். கல்விக் கட்டணம் வேகமாக ஏறினால் இலக்குத் தொகையே போதாமல் போகும். அதற்கு மருந்து ஆண்டுதோறும் கட்டண நிலவரத்தைப் பார்த்து, தேவைப்பட்டால் இன்னொரு சிறிய கணக்கைத் தொடங்குவது. புதிய கணக்கும் ஐந்தாண்டு ஓடும் என்பதால், முதல் ஓரிரு ஆண்டுக்குள் தொடங்கினால்தான் பிந்தைய ஆண்டுகளின் கட்டணத்துக்காவது உதவும்.

மகள் இப்போதுதான் ஒன்றாம் வகுப்பு என்றால் முடிவு மாறும். பன்னிரண்டு ஆண்டுத் தேவைக்கு எஸ்.ஐ.பி.யில் தொடங்குவதில் நியாயம் உண்டு. ஆனால் கடைசி மூன்றாண்டில் யூனிட்டுகளைச் சிறிது சிறிதாக விற்று வைப்புக்கு மாற்றிவிட வேண்டும். பத்தாம் வகுப்பில் அவள் கால் வைக்கும்போதே அந்த மாற்றம் தொடங்கியிருக்க வேண்டும்.