ஏழால் வகுத்தலில் மூன்றிலக்கத் தொகுதி முறை

மூன்றிலக்கத் தொகுதி முறை என்பது ஒரு பெரிய எண்ணை 7-ஆல் வகுத்தால் என்ன மீதி வரும் என்பதை, முழு வகுத்தலையும் செய்யாமலே கண்டுபிடிக்கும் வழி. எண்ணை வலது ஓரத்திலிருந்து மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரிக்க வேண்டும். வலது ஓரத் தொகுதியைக் கூட்டி, அடுத்ததைக் கழித்து, அதற்கடுத்ததைக் கூட்டி, இப்படியே மாறி மாறி இடது ஓரம் வரை போக வேண்டும். கிடைத்த சிறிய எண்ணை 7-ஆல் வகுத்தால் வரும் மீதியே மூல எண்ணின் மீதி. விடை குறை எண்ணாக வந்தால், 0-விலிருந்து 6-க்குள் வரும்வரை ஏழேழாகக் கூட்டிக்கொள்ளலாம்.

இதற்குக் காரணம் 1001 என்ற எண். அது 7 × 11 × 13. ஆகவே 1000 என்பது ஏழின் மடங்கு ஒன்றைவிட ஒன்று குறைவு. மீதிக் கணக்கில் 1000-க்குப் பதில் −1 என்று போட்டுக்கொள்ளலாம். பத்து லட்சம் என்பது ஆயிரம் ஆயிரம். அதற்கு −1 × −1, அதாவது +1. நூறு கோடிக்கு மறுபடியும் −1. கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வருவது இதனால்தான். இதே கூட்டுத்தொகையை 11-ஆலும் 13-ஆலும் வகுத்து அவற்றின் மீதிகளையும் எடுக்கலாம். ஆனால் 11-க்கு வேறு எளிய வழியும் உண்டு. முறையின் அருமை தெரிவது ஏழிலும் பதின்மூன்றிலும்தான்.

சென்னைவாசிக்கு இதில் ஓர் இடறல் காத்திருக்கிறது. தி.நகர்க் கடையின் பில்லிலும் வங்கிப் பாஸ்புக்கிலும் காற்புள்ளி லட்சம், கோடி என்று விழும். கடைசி மூன்று இலக்கம் மட்டும் ஒரு தொகுதி. அதற்கு இடப்புறம் எல்லாம் இரண்டிரண்டு. 133978259344888 என்ற எண்ணை நம் வழக்கப்படி எழுதினால் 13,39,78,25,93,44,888 என்று வரும். இந்தக் காற்புள்ளிகளை நம்பிக் கூட்டிக் கழித்தால் விடை தவறிவிடும். அவற்றை அழித்துவிட்டு, வலப்புறத்திலிருந்து 133 | 978 | 259 | 344 | 888 என்று புதிதாகக் கோடு போட வேண்டும்.

இன்னொரு பிழை எளிதில் அகப்படாதது. சிலர் இடப்புறத்திலிருந்து கூட்டத் தொடங்குவார்கள். தொகுதிகள் ஒற்றைப்படை எண்ணிக்கையில் இருந்தால் பாதகமில்லை. இரட்டைப்படையாக இருந்தால் எல்லாக் குறிகளும் தலைகீழாகிவிடும். 10,015-ஐ எடுத்துக்கொள்வோம். சரியான கணக்கு 15 − 10 = 5; மீதி 5. இடமிருந்து போனால் 10 − 15 = −5, ஏழைக் கூட்டினால் 2. மீதி பூஜ்யமாக இருக்கும் எண்களில் இந்தப் பிழை வெளியே தெரியாது, பூஜ்யத்தின் குறி மாறினாலும் அது பூஜ்யம்தானே. அதனால் ஏழால் மீதியின்றி வகுபடும் எண்களில் மட்டும் பழகிப் பார்த்தவர், தாம் தவறாகச் செய்வதை அறியாமலே இருந்துவிடக்கூடும்.

இந்த முறை நிஜமாகவே உதவும் இடம் ஒன்று சீனிவாச ராமானுஜனின் ஆய்வில் இருக்கிறது. ஓர் எண்ணை மிகை முழு எண்களின் கூட்டலாக எத்தனை விதமாக எழுதலாம் என்பதைப் பிரிவினை எண்ணிக்கை என்பார்கள். p(n) என்று குறிப்பார்கள். 5-ஐ 5, 4+1, 3+2, 3+1+1, 2+2+1, 2+1+1+1, 1+1+1+1+1 என ஏழு விதமாக எழுதலாம். எனவே p(5) = 7. பி. ஏ. மக்மகான் 200 வரை கையால் கணக்கிட்டுத் தந்த அட்டவணையைப் பார்த்த ராமானுஜன், 5, 12, 19, 26 என ஏழேழாகத் தள்ளிப் போகும் எண்களின் பிரிவினை எண்ணிக்கை எப்போதும் ஏழால் வகுபடுவதைக் கண்டார். p(12) = 77, p(19) = 490, p(26) = 2436. இதற்கான நிரூபணம் 1919-இல் வெளிவந்தது. அவர் இங்கிலாந்திலிருந்து சென்னைக்குத் திரும்பிய ஆண்டும் அதுவே. மறு ஆண்டு ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார்.

அவர் இதற்கு மேலும் ஓர் ஊகம் செய்தார். 24n − 1 என்பது ஏழின் எந்த அடுக்கால் வகுபடுகிறதோ, p(n)-உம் அதே அடுக்கால் வகுபடும். ஐந்துக்கும் பதினொன்றுக்கும் இப்படியே. 49-க்கு அட்டவணையில் 47, 96, 145, 194 என நான்கு சான்றுகள் இருந்தன. p(47) = 124,754; அது 49 × 2546. ஆனால் ஏழின் மூன்றாம் அடுக்கான 343-க்கு ஒரு சான்றுகூட இல்லை. 24n − 1 முதன்முதலாக 343-ஆல் வகுபடுவது n = 243 ஆகும்போது. அட்டவணையோ 200-இல் முடிந்துவிட்டது.

பின்னர் ஹன்ஸ்ராஜ் குப்தா அட்டவணையை 300 வரை நீட்டினார். 1934-இல் சர்வதமன் சௌலா அதில் p(243)-ஐப் பார்த்தார். மேலே நாம் கோடு போட்டுப் பிரித்த 133978259344888 தான் அந்த எண். பதினைந்து இலக்கம், கடை மேஜையில் இருக்கும் பன்னிரண்டு இலக்கக் கால்குலேட்டரில் அடங்காது. தொகுதி முறையில் பார்ப்போம்:

888 − 344 + 259 − 978 + 133 = −42

42 என்பது ஆறேழு. மீதி இல்லை, p(243) ஏழால் வகுபடுகிறது.

அது 49-ஆலும் வகுபடுமா என்பதை இந்தக் கூட்டுத்தொகை சொல்லாது. முறையின் எல்லை இதுதான். 1001-இல் ஏழு ஒருமுறைதான் காரணியாக இருக்கிறது. 49-ஆல் வகுத்தால் 1000 தரும் மீதி 20. அதனால் −42-ஐ 49-ஆல் வகுபடாத எண் என்று பார்த்து முடிவு கட்டுவதும் தவறு. ஒருமுறை நேராக ஏழால் வகுத்துவிட்டு, ஈவில் மறுபடி சோதிக்க வேண்டும். ஈவு 19,139,751,334,984.

984 − 334 + 751 − 139 + 19 = 1281

1281 = 7 × 183. மறுபடியும் மீதி இல்லை. ஆகவே p(243) 49-ஆல் வகுபடுகிறது. இந்த ஈவையும் ஏழால் வகுத்தால் 2,734,250,190,712 கிடைக்கும்.

712 − 190 + 250 − 734 + 2 = 40

40-ஐ ஏழால் வகுத்தால் மீதி 5. ஏழு மூன்றாவது முறை போகவில்லை. ராமானுஜனின் ஊகம் 343-இல் உடைந்தது இங்கேதான். சாதாரணத் தாளில் கால் மணி நேர வேலை. ஆனால் அதற்கு முன் p(243)-இன் சரியான மதிப்பு கையில் இருக்க வேண்டும். கடினமான உழைப்பு குப்தாவுடையது.

இப்படி எழுதும்போது ஓர் இலக்கம் பிசகினால் தெரியுமா? 334-ஐ 343 என்று எழுதிவிட்டால் கூட்டுத்தொகை 9 மாறும், மீதி காட்டிக்கொடுக்கும். 2-ஐ 9 என்று எழுதினால், வித்தியாசம் ஏழு என்பதால், அது எந்த இடத்தில் இருந்தாலும் மீதி அசையாது. ஒன்றுவிட்டு ஒன்றாக உள்ள இரு தொகுதிகள் இடம் மாறினாலும், இரண்டுக்கும் ஒரே குறி என்பதால், பிழை தப்பிவிடும். ஈவைப் பெருக்கிப் பார்த்து மூல எண் திரும்பி வருகிறதா என்று சரிபார்ப்பது இதனால்தான் அவசியமாகிறது. 712 × 7 = 4984; 984-ஐ எழுதி 4-ஐ அடுத்த தொகுதிக்குக் கொண்டுபோக வேண்டும். பெருக்கலையும் இப்படி மூன்றிலக்கமாகவே நடத்தலாம்.

ஊகம் முழுக்க வீணாகவில்லை. 1938-இல் ஜி. என். வாட்சன் ஏழுக்கான கூற்றைத் திருத்தி நிரூபித்தார். 24n − 1 ஏழின் b-ஆம் அடுக்கால் வகுபட்டால், b-இன் பாதியில் பின்னத்தை விட்டுவிட்டு ஒன்றைக் கூட்டினால் வரும் அடுக்கால் p(n) வகுபடும். b = 3 என்றால் பாதி ஒன்றரை; பின்னம் போக 1, அதோடு ஒன்று, ஆக 2. p(243)-இல் தாளில் வந்ததும் 49 தான். ஐந்தின் அடுக்குகளுக்கு ராமானுஜன் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. பதினொன்றுக்கு அதை ஏ. ஓ. எல். அட்கின் 1967-இல் நிரூபித்தார்.