கறுப்பு அங்கி – 7: ஓட்டல் பணிப்பெண்ணின் பாக்கி

பெண் தொழிலாளர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த நியூயார்க் சட்டம் 1936 ஜூன் 1 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தோற்றதைச் சென்ற வாரம் பார்த்தோம். முதலாளியும் தொழிலாளியும் பேசி முடிக்கும் கூலியில் அரசு தலையிடுவது ஒப்பந்தச் சுதந்திரத்தைப் பறிப்பதாகும் என்றார்கள் ஐந்து நீதிபதிகள். நால்வர் ஒப்பவில்லை. முடிவைத் தீர்மானித்த ஐந்தாவது ஓட்டு ஓவன் ராபர்ட்ஸுடையது.

அதே கேள்வி ஆறே மாதத்தில் மறுபடியும் வந்து நின்றது. இந்த முறை அதைக் கொண்டுவந்தவர் அறை பெருக்கும் ஒரு பெண்.

வாஷிங்டன் மாநிலத்தின் வெனாச்சி ஊரில் இருந்தது கேஸ்கேடியன் ஓட்டல். எல்ஸி பாரிஷ் 1933-ல் அங்கே வேலைக்குச் சேர்ந்தார். மணிக்கு 22 சென்ட் கூலி, பிறகு 25 சென்ட். ஆனால் அந்த மாநிலச் சட்டப்படி பெண்களுக்கு வாரம் 48 மணி நேர வேலைக்கு 14.50 டாலர் தர வேண்டும். மணிக்கு 30 சென்ட்டுக்குச் சற்று அதிகம். 1935-ல் வேலை போனதும் பாரிஷ் பாக்கியைக் கணக்குப் போட்டார்: 216 டாலர் 19 சென்ட். ஓட்டல்காரர்கள் 17 டாலர் தருவதாகச் சொன்னார்கள். அவர் வாங்க மறுத்தார்.

கீழ் நீதிமன்றத்தில் தோல்வி, மாநில உச்ச நீதிமன்றத்தில் வெற்றி. ஓட்டல் தலைநகருக்கு மேல்முறையீடு கொண்டுபோனது.

1936 டிசம்பர் 19. மூடிய கதவுக்குள் நீதிபதிகள் ஓட்டுப் போட்டார்கள். ராபர்ட்ஸ் பாரிஷ் பக்கம் சாய்ந்தார்! ஆனாலும் கணக்கு நாலுக்கு நாலு. நீதிபதி ஸ்டோன் நோய்வாய்ப்பட்டிருந்தார். சமநிலை என்றால் பாரிஷுக்குப் பணம் கிடைக்கும், நாட்டுக்குப் புதிய சட்டநெறி கிடைக்காது. தலைமை நீதிபதி ஹியூஸ் ஸ்டோனுக்காகக் காத்திருந்தார்.

அதற்குள் வெளியே இடி இறங்கியது. தன் திட்டங்களை அடுத்தடுத்து வீழ்த்திய நீதிமன்றத்தில் கூடுதலாக ஆறு நீதிபதிகள் வரை நியமிக்கப் பிப்ரவரி 5 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் மசோதா கொண்டுவந்தார். மார்ச் 29 அன்று பாரிஷ் வென்றதாகத் தீர்ப்பு வந்ததும், ராபர்ட்ஸ் பயந்து கட்சி மாறிவிட்டார் என்றே ஊர் பேசியது. அவருடைய ஓட்டு மசோதாவுக்கு முன்பே விழுந்துவிட்டது வெளியே யாருக்கும் தெரியாது. நியூயார்க் வழக்கில், குறைந்தபட்சக் கூலிச் சட்டம் செல்லாது என்று முன்பே இருந்த பழைய தீர்ப்பை ரத்து செய்யும்படி யாரும் கேட்கவில்லை, அதனால்தான் அப்போது அப்படி ஓட்டளித்தேன் என்று பின்னாளில் அவர் விளக்கினார்.

ஹியூஸ் எழுதிய தீர்ப்பின் சாரம் இது. அரசியல் சட்டம் சுதந்திரத்தைக் காக்கிறது. ஒப்பந்தச் சுதந்திரம் என்று அது தனியாக எதையும் சொல்லவில்லை. வயிற்றுக்குப் போதாத கூலி கொடுத்தால் மிச்சச் செலவு வரி கட்டுபவர் தலையில்தான் விழும். இந்தச் சட்டம் புத்திசாலித்தனமானதா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம், பலன் நிச்சயமில்லாமலும் இருக்கலாம். அப்போதும் அதை முடிவு செய்ய வேண்டியது சட்டமன்றம்.

மாணவர்களுக்காக ஓர் உதாரணம். ஓர் அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குப் பேருந்தை இலவசமாக்குகிறது. 'அந்தப் பணத்தில் சைக்கிள் கொடுத்திருக்கலாமே' என்று ஒருவர் வழக்குப் போடுகிறார். நீதிபதிக்கும் சைக்கிளே மேல் என்று தோன்றலாம். ஆனால் அவர் கேட்க வேண்டியவை வேறு: அரசுக்கு இதற்கு அதிகாரம் உண்டா? நோக்கம் நியாயமானதா? நோக்கத்துக்கும் வழிக்கும் பொருத்தம் இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் சட்டம் நிற்கும். பேருந்து திட்டம் சரியில்லை என்றால் மக்கள் தேர்தலில் பதில் சொல்லிக்கொள்ளலாம். மாறாக, 'அ' எழுத்தில் பெயர் தொடங்கும் பிள்ளைகளுக்கு மட்டும் இலவசம் என்றால் மூன்றாம் கேள்வியிலேயே சட்டம் விழுந்துவிடும். ஒதுங்கி நிற்கும் நீதிபதிக்கும் வேலை இருக்கிறது.

நீதிபதி சதர்லேண்ட் இதை ஏற்கவில்லை. பொருளாதாரம் ஏறி இறங்குவதற்கேற்ப அரசியல் சட்டத்தின் பொருள் மாறாது. சட்டம் செல்லாது என்று மனசாட்சிப்படி தெரிந்த நீதிபதி தன்னை அடக்கிக்கொண்டால் அது கடமை தவறுவது என்று மறுப்புத் தீர்ப்பு எழுதினார்.

அவர் தோற்றார். ஆனால் அதன் பின்னால் இன்னொரு கவலை எழுந்தது. கூலியிலும் வரியிலும் ஒதுங்கி நிற்கும் நீதிமன்றம், பெரும்பான்மை சேர்ந்து சிறுபான்மையின் வாக்குரிமையைப் பறித்தாலும் 'அது சட்டமன்றத்தின் விருப்பம்' என்று ஒதுங்கிவிடுமா? தேர்தலில் பதில் சொல்ல முடியாதவர்கள் எங்கே போவார்கள்?

விடை ஓராண்டு கழித்து வந்தது, அதுவும் கொழுப்பெடுத்த பாலில் தேங்காய் எண்ணெய் கலந்து டப்பாவில் விற்ற ஒரு கம்பெனியின் வழக்கில். அந்தப் பாலைத் தடுத்த சட்டம் செல்லும் என்று ஸ்டோன் எழுதினார். பக்கத்தின் அடியில், சிறிய எழுத்தில், 4 என்று எண்ணிட்டு ஓர் அடிக்குறிப்பையும் சேர்த்தார். பால் வழக்குக்குத் தேவையே இல்லாத அந்தக் குறிப்பில் என்ன இருந்தது?

(அடுத்த வாரம்)