மேசை விரிப்பு பொழுதான கதை

சாவி, ஜன்னல், அலமாரி போன்ற சொற்களோடு ‘மேசை’யும் போர்த்துகீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொல் என்பது பலருக்குத் தெரிந்திருக்கும். போர்த்துகீசிய மொழியிலும் ஸ்பானிய மொழியிலும் அது ‘மேசா’. அதன் முன்னால் ‘மேலே’ என்று பொருள்படும் ‘சோப்ரே’வைச் சேர்த்தால் ‘சோப்ரேமேசா’ ஆகிவிடும். அதாவது மேசைக்கு மேலே.

மேசைக்கு மேலே என்ன இருக்கும்? விரிப்புதான் இருக்கும். சொல்லுக்கு முதற்பொருளும் அதுதான்: அழகுக்காகவும் தூசி படியாமலிருக்கவும் மேசையின் மேல் போடும் துணி. ஸ்பானிய அகாடமியின் அகராதி இன்றும் அந்தப் பொருளைத் தருகிறது. ஆனால் ஸ்பெயினில் இன்று சோப்ரேமேசா என்றால் யாருக்கும் துணி நினைவுக்கு வராது. சாப்பிட்டு முடித்தபின் எழுந்து போகாமல், அதே மேசையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும் பொழுதுக்கே அந்தப் பெயர். ‘எழுந்திராமல்’ என்பதுதான் இதில் முக்கியம். கூடத்துக்குப் போய் சோபாவில் சாய்ந்துவிட்டால் அது வேறு.

இந்தப் பொருள் எவ்வளவு பழையது? 1563-ல் ஒரு புத்தகம் வெளிவந்தது. தொகுத்தவர் வலென்சியா நகரத்துப் புத்தக வியாபாரி ஹுவான் டி டிமொனேடா. தோல் பதனிடும் தொழிலில் இருந்து, பிறகு புத்தகக் கடைக்கு வந்தவர். ‘சோப்ரேமேசாவும் வழிநடையாளர்களுக்கு ஆறுதலும்’ என்று புத்தகத்தின் பெயரைத் தமிழில் சொல்லலாம். உள்ளே இருப்பவையெல்லாம் குட்டிக் கதைகளும் வேடிக்கைகளும். இன்ன பழமொழி எப்படி வந்தது என்று சொல்லும் கதைகளும் அவற்றில் நிறைய. சாப்பிட்ட பிறகு நாலு பேர் நடுவே எடுத்துவிடவும், நடைப்பயணத்தில் அலுப்புத் தெரியாமலிருக்கவும் சரக்கு. சொல்லின் பொருளை விளக்காமலே அதைத் தலைப்பில் போட்டு விற்க முடிந்திருக்கிறதென்றால், அந்த வழக்கம் அப்போதே ஊரறிந்ததாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

செர்வாண்டிஸின் ‘டான் குவிக்சோட்’ நாவலிலும் இதற்குச் சான்று உண்டு. 1605-ல் வந்த முதல் பாகத்தில் ஒரு சத்திரத்தில் எல்லோரும் இரவு உணவுக்கு உட்கார்கிறார்கள். நம் வீரர் சாப்பாட்டை விட்டுவிட்டு, போர்வீரனின் வாழ்வா படித்தவனின் வாழ்வா எது கடினமானது என்று பிரசங்கத்தில் இறங்கிவிடுகிறார். பணியாள் சாஞ்சோ பான்சா இடையிடையே, ‘முதலில் சாப்பிடுங்கள், பேச்செல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம்’ என்ற பொருளில் சொல்லிப் பார்க்கிறான். சாப்பாடு முதலில், பேச்சு பிறகு. சோப்ரேமேசாவின் இலக்கணத்தை அந்தப் படிக்காதவன்தான் தெரிந்து வைத்திருக்கிறான்!

1615-ல் வந்த இரண்டாம் பாகத்தில் ஒரு பிரபுவின் மாளிகை விருந்து. சாப்பாட்டுக்கு விரித்த துணியை எடுப்பதுதான் அந்தக் காலத்தில் விருந்து முடிந்ததற்கு அடையாளம். துணியை எடுத்ததும் நான்கு பணிப்பெண்கள் வருகிறார்கள். ஒருத்தி கையில் வெள்ளித் தாம்பாளம், இன்னொருத்தியிடம் நீர்க்குவளை, மூன்றாமவள் தோளில் துண்டுகள், நான்காமவள் கையில் சோப்பு. இந்த ஊரில் கைக்குப் பதில் தாடியைக் கழுவுவார்கள் போலிருக்கிறது என்று குவிக்சோட் முகத்தை நீட்டுகிறார். முகமெல்லாம் நுரை பூசியபின் ‘தண்ணீர் தீர்ந்துவிட்டது’ என்று சொல்லி, கண்ணைத் திறக்க முடியாமல் அவரை அப்படியே உட்கார வைத்துவிடுகிறார்கள். குறும்பு வெளியே தெரியக்கூடாதென்று பிரபு தன் தாடியையும் கழுவிக்கொள்கிறார். சாப்பாட்டுக்குப் பின் உட்கார்ந்திருக்கும் நேரம் பேச்சுக்கு மட்டுமல்ல, விளையாட்டுக்கும் உரியது என்று தெரிகிறது.

இப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு வருவோம். பெரிய சாப்பாடு அங்கே மதியம்தான். இரண்டரை மணிக்கு உட்கார்கிறார்கள். முதல் வகை, இரண்டாம் வகை, கடைசியில் பழமோ இனிப்போ. அதற்கும் பிறகுதான் காபி வரும், அதுவும் சின்னக் கோப்பையில். தட்டுகளை எடுத்துவிடுவார்கள். ரொட்டித் துணுக்குகளோடு விரிப்பு அப்படியே கிடக்கும். குழந்தைகள் நழுவிவிடுவார்கள். பெரியவர்கள் ஒரு சிறு குவளை மதுவை வைத்துக்கொண்டு ஐந்து மணிவரைகூடப் பேசிக்கொண்டிருப்பார்கள். சிலர் சீட்டுக்கட்டை எடுப்பார்கள். இதெல்லாம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்தத் தட்டுகளைக் கழுவியது யார்? வெகுகாலம் ஆண்களின் சோப்ரேமேசா நடந்துகொண்டிருந்தபோது பெண்கள் அடுக்களையில்தான் இருந்தார்கள். இந்த வழக்கத்தைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டரை மணிக்கு மதியச் சாப்பாடா என்று வியக்க வேண்டாம். அதில் பாதி, கடிகாரம் செய்த வேலை. ஸ்பெயினின் பெரும்பகுதி கிரீன்விச்சுக்கு மேற்கே இருக்கிறது. 1901 முதல் அது கிரீன்விச் நேரத்தைத்தான் பின்பற்றியது. 1940 மார்ச் 16 இரவு 11 மணியை 12 ஆக்கி, பிராங்கோவின் அரசு நாட்டை ஜெர்மனியின் நேரத்தோடு சேர்த்தது. போர் முடிந்தும் முள்ளைத் திருப்பி வைக்கவில்லை. கோடையில் இன்னும் ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். ஆகவே மாட்ரிட்டில் கடிகாரம் இரண்டரை காட்டும்போது சூரியக் கணக்கில் குளிர்காலத்தில் சுமார் ஒன்றேகால்தான், கோடையில் பன்னிரண்டேகால்தான்.

உண்ட களைப்பில் போடும் சியஸ்டா தூக்கத்தோடு இதைக் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு. சியஸ்டா என்பது ‘ஆறாம் மணி’ என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அது தனியாள் காரியம், இது கூட்டாளிகளோடு செய்வது. இரண்டும் சேரும் இடம் ஒன்றுண்டு. மூன்று மணிச் செய்திக்குப் பின் வரும் தொலைக்காட்சி நேரத்துக்கும் ஸ்பெயினில் சோப்ரேமேசா என்றே பெயர். அரசுத் தொலைக்காட்சியின் இரண்டாம் அலைவரிசை அந்நேரத்தில் வனவிலங்குப் படங்கள் போடும். எல்லோரும் அதைப் பார்ப்பதாகச் சொல்வார்கள், ஆனால் தூங்கிவிடுவார்கள் என்பது அவர்களே சொல்லிச் சிரிக்கும் நகைச்சுவை.

சொல் இன்னும் எங்கெல்லாமோ போயிருக்கிறது. மேசைக் கணினிக்கு ஸ்பெயினில் ‘சோப்ரேமேசா கணினி’ என்று பெயர். போர்த்துகீசிய மொழியிலோ அதே சொல் சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பைக் குறிக்கிறது. லிஸ்பனில் சோப்ரேமேசா கேட்டால் தட்டில் ஏதாவது வரும். மாட்ரிட்டில் அதற்கு ‘போஸ்ட்ரே’ என்று கேட்க வேண்டும்.

உணவகங்களிலும் இதற்கொரு மரியாதை இருந்தது. நாம் கேட்கும்வரை பரிசாரகர் பில்லைக் கொண்டுவர மாட்டார். கேட்காமல் கொண்டுவந்து வைத்தால் எழுந்து போகச் சொல்வதாகவே எடுத்துக்கொள்வார்கள். காபி, ஒரு குவளை மது, ஒரு சுருட்டு என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வது பழைய வழக்கு. 2011 ஜனவரி 2 முதல் உணவகங்களுக்குள் புகைக்கத் தடை வந்தபோது அந்த மூன்றில் சுருட்டு கழன்றுகொண்டது. அது நல்லதுதான்.

இப்போது பெரிய நகரங்களில் பல உணவகங்கள் மதியத்தை இரண்டு பந்தியாகப் பிரித்துவிட்டன. முதல் பந்திக்கு இடம் பிடித்தவர், அடுத்த பந்திக்காரர் வாசலில் வந்து நிற்பதற்குள் எழுந்துவிட வேண்டும். காபியைக் குடிக்கலாம். குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கத்தான் முடியாது.