தானாகக் குறையும் ஓர் எண்: லியாபுனோவ் சமன்பாட்டின் கதை

போன அத்தியாயத்தில் நீராவி எஞ்சின் கவர்னர் பற்றிப் பேசினோம். சுழலும் இரண்டு இரும்புக் குண்டுகள் எஞ்சினின் வேகத்தை எப்படிக் கட்டுக்குள் வைக்கின்றன, சில சமயம் ஏன் அவையே தாறுமாறாக ஆட ஆரம்பிக்கின்றன என்று பார்த்தோம். 1868-ல் மேக்ஸ்வெல் அதை ஒரு கணக்காக மாற்றினார். 1877-ல் ரூத், 1895-ல் ஹூர்விட்ஸ் என்று அடுத்தடுத்து வந்தவர்கள், சமன்பாட்டின் குணகங்களை வைத்தே "இது அடங்கும், இது அடங்காது" என்று சொல்லும் விதிகளைத் தந்தார்கள்.

இந்த வாரம் அதே கேள்விக்கு வேறொரு வாசல் வழியாக வந்த ஆளைப் பார்க்கலாம். அலெக்சாந்தர் லியாபுனோவ், 1857-ல் பிறந்தவர், பீட்டர்ஸ்பர்கில் செபிஷேவின் மாணவர். 1885-ல் கார்கோவ் பல்கலைக்கழகத்துக்குப் போனார். இன்று நாம் கார்கிவ் என்று சொல்லும் உக்ரைன் நகரம்தான் அது. அங்கே இயக்கவியல் கற்பித்துக்கொண்டே எழுதி 1892-ல் வெளியிட்ட முனைவர் பட்ட ஆய்வின் தலைப்பு, "இயக்கத்தின் நிலைப்புத்தன்மை பற்றிய பொதுப் பிரச்சினை".

அவருக்கு முன்பே ஒரு நல்ல யோசனை இருந்தது. லாக்ராஞ்சும் டிரிஷ்லேயும் சொன்னது: ஒரு அமைப்பின் நிலை ஆற்றல் எங்கே மிகக் குறைவோ அங்கே அது நிலையாக நிற்கும். கிண்ணத்தின் அடியில் கிடக்கும் கோலி மாதிரி. சரி, ஆனால் நமக்கு வேண்டியது அதற்கும் மேலே. தட்டிவிட்ட கோலி பக்கத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால் போதாது, திரும்ப அடிக்கே வந்து சேர வேண்டும். இதற்குத்தான் அசிம்டாட்டிக் நிலைப்புத்தன்மை என்று பெயர்.

உராய்வு இருந்தால் ஆற்றல் குறையும், அது போதாதா? இங்கேதான் ஒரு சிக்கல் இருக்கு. ஒரு ஸ்பிரிங், அதில் ஒரு எடை, கூடவே ஒரு தணிப்பான் என்று வைத்துக்கொள்ளுங்க. இடப்பெயர்ச்சி x1, வேகம் x2. x1 மாறும் வீதம் x2. x2 மாறும் வீதம் −2x1 − 3x2. இதில் 2 ஸ்பிரிங்கின் வலு, 3 தணிப்பானின் வலு. ஆற்றல் x1² + x2²/2. அது மாறும் வீதத்தைக் கணக்கிட்டால் −3x2² வரும். எடை ஒரு கணம் நின்று திரும்பும்போது x2 பூஜ்யம். அந்தக் கணத்தில் ஆற்றல் குறையவே இல்லை! கடைசியில் அடங்கத்தான் போகிறது. ஆனால் "எல்லாக் கணத்திலும் குறைகிறது" என்று ஆற்றலை வைத்து மட்டும் கை நீட்டிச் சொல்ல முடியாது.

சரி, ஆற்றல் வேண்டாம், மையத்திலிருந்து உள்ள தூரத்தையே அளக்கலாமே என்று தோன்றும். x1² + x2². அதுவும் கைவிடும். x1 = 1, x2 = −0.1 என்ற நிலையை எடுங்க. எடை மையத்தை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருக்கு. ஸ்பிரிங் இழுப்பதால் வேகம் கூடுகிறது. தூரத்தின் வர்க்கம் மாறும் வீதம் +0.14. வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கும் அமைப்பில் "தூரம்" கூடுகிறது. அமைப்பில் தப்பில்லை. நாம் எடுத்த அளவுகோல்தான் தப்பு.

லியாபுனோவ் செய்த முக்கியமான காரியம், கேள்வியைத் திருப்பிப் போட்டதுதான். நாம் என்ன செய்தோம்? முதலில் அளவுகோலை எடுத்தோம், அப்புறம் அது குறைகிறதா என்று பார்த்தோம். அவர் முதலில் குறையும் வேகத்தை முடிவு பண்ணினார். "எந்த நிலையிலும் இவ்வளவு வேகமாகக் குறைய வேண்டும். அப்படிக் குறையும் அளவுகோல் எது?" என்று கேட்டார். நேரியல் அமைப்புக்கு இந்தக் கேள்வி வெறும் நேரியல் சமன்பாடாக வந்து நிற்கிறது. அவர் காலத்தில் அணிக் குறியீடு பழக்கத்தில் இல்லாததால் இருபடிக் கோவைகளாக எழுதினார். நாம் இன்று எழுதுவது இப்படி:

```
Aᵀ P + P A = −Q
```

A என்பது அமைப்பு. Q நாம் விரும்பும் குறைவு வேகம். P நாம் தேடும் அளவுகோல். அளக்கப்படும் எண் V = xᵀPx. அது குறையும் வேகம் சரியாக xᵀQx.

கையாலேயே போட்டுப் பார்க்கலாம், பேப்பர் எடுத்துக்கோங்க. A-யின் முதல் வரிசை 0, 1. இரண்டாவது −2, −3. Q-வுக்கு அலகு அணி. P சமச்சீர் அணி என்பதால் தெரியாதவை மூன்றுதான்: மூலைவிட்டத்தில் a, c, பக்கத்தில் b. பெருக்கினால் மூன்று சமன்பாடுகள் கிடைக்கும்:

```
−4b = −1
a − 3b − 2c = 0
2b − 6c = −1
```

முதல் வரியிலிருந்து b = 1/4. மூன்றாவதில் போட்டால் c = 1/4. நடுவில் போட்டால் a = 5/4. அவ்வளவுதான்.

இப்போது P பாசிட்டிவ் டெஃபினிட்டா என்று பார்க்கணும். அதாவது பூஜ்யம் தவிர எந்த நிலையைப் போட்டாலும் V நேர்மறையாக வருமா? a நேர்மறை. அணிக்கோவை 5/16 − 1/16 = 1/4, அதுவும் நேர்மறை. இரண்டு வரிசை அணிக்கு இந்த இரண்டும் போதும். சான்று கையில் வந்துவிட்டது. முன்பு தூரம் ஏமாற்றிய அதே x1 = 1, x2 = −0.1 நிலையில் இந்த V மாறும் வீதம் −1.01. எதிர்பார்த்தபடியே குறைகிறது.

இந்த V-க்கு அழகான ஒரு பொருள் உண்டு. அமைப்பு இங்கிருந்து அடங்கும் வரை, x1² + x2² என்ற அளவைக் கணத்துக்குக் கணம் கூட்டிக்கொண்டே போனால் வரும் மொத்தம்தான் V. கிட்டத்தட்ட "இன்னும் பாக்கி இருக்கும் பயணம்". எடையை 1 அலகு இழுத்து விட்டால் பாக்கி 5/4. பாக்கி எப்போதும் குறைந்துகொண்டேதான் இருக்கும், இல்லையா? அடங்கும் அமைப்புக்கு இந்த மொத்தம் எல்லைக்குள் நிற்கும், அதனால் P கிடைத்தே தீரும். அடங்காத அமைப்புக்குப் பாக்கிக்கு முடிவே இல்லை.

அடங்காத அமைப்பைப் போட்டால் சமன்பாடு என்ன சொல்லும்? தணிப்பு 3-க்குப் பதிலாக −1 என்று வையுங்க. தணிப்பான் ஆட்டத்தைக் குறைக்காமல் தள்ளிவிடுகிறது. விடை வரும், ஆனால் a = −7/4, c = −3/4. P பாசிட்டிவ் டெஃபினிட் இல்லை. அமைப்பு அடங்காது என்பதற்கு அதுவே சாட்சி. தணிப்பு சரியாகப் பூஜ்யம் என்றால் இன்னும் வேடிக்கை. முதல் சமன்பாடு b = 1/4 என்கிறது, மூன்றாவது b = −1/2 என்கிறது. விடையே கிடையாது. இரண்டு ஐகன் மதிப்புகளைக் கூட்டினால் பூஜ்யம் வரும் இடத்தில் எல்லாம் இந்தச் சமன்பாட்டுக்கு ஒரே விடை என்ற உறுதி போய்விடும்.

"ஐகன் மதிப்பைக் கண்டுபிடித்தாலே தெரிந்துவிடுமே, இதற்கு எதற்கு P?" என்று போன முறை ஒரு நேயர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. மேலே உள்ள அமைப்புக்கு ஐகன் மதிப்புகள் −1, −2. ஒரே பார்வையில் முடிந்தது. ஆனால் நிஜ அமைப்பு எதுவும் முழுக்க நேரியல் இல்லை. ஸ்பிரிங் அதிகம் இழுபட்டால் இறுகும், தணிப்பான் வேகத்தைப் பொறுத்து மாறும். ஐகன் மதிப்பு நேரியல் பகுதியைப் பற்றி மட்டும் பேசும். V கையில் இருந்தால், அதே V-ஐ நிஜ அமைப்பில் போட்டு, மிச்ச உறுப்புகள் அந்தக் குறைவை எதுவரை தின்னாமல் இருக்கின்றன என்று பார்க்கலாம். மையத்தைச் சுற்றி எவ்வளவு தூரம் வரை பாதுகாப்பு என்ற பதில் அங்கிருந்துதான் வரும். லியாபுனோவ் தேடியதும் இதைத்தான்: நேரியல் தோராயத்தை எப்போது நம்பலாம் என்று.

அவருடைய ஆய்வு 1907-ல் பிரெஞ்சில் வந்தது. முழு ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 1992 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சரியாக நூறு வருஷம்! மேற்கத்திய கட்டுப்பாட்டுப் பொறியாளர்களிடம் இந்த முறையைப் பரவலாகக் கொண்டுபோனது 1960-ல் கால்மனும் பெர்ட்ராமும் எழுதிய கட்டுரை. பிறகு வந்தது கணினிப் பிரச்சினை. 50 நிலை மாறிகள் என்றால் P-யில் தெரியாத எண்கள் 1275. அத்தனையையும் ஒரே பெரிய சமன்பாட்டுத் தொகுதியாக எழுதித் தீர்ப்பது வீண் செலவு. 1972-ல் பார்டெல்ஸும் ஸ்டூவர்ட்டும் A-ஐ முதலில் ஷூர் வடிவத்துக்கு, கிட்டத்தட்ட முக்கோண அணியாக மாற்றி, விடையைத் துண்டு துண்டாக எடுக்கும் வழியைச் சொன்னார்கள். இன்றும் பைதானில் நீங்கள் கூப்பிடும் நிரலுக்குள் ஓடுவது அதுதான்.

அந்த நிரலில் நான் வாங்கின அடியைச் சொல்லிட்டு முடிச்சுக்கறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு மோட்டார் கட்டுப்பாட்டு அமைப்புக்குச் சான்று தயாரித்தேன். P பாசிட்டிவ் டெஃபினிட் என்று வந்தது, அறிக்கையில் எழுதிவிட்டேன். சோதனை மேசையில் ஓட்டினால், பதிவில் V ஆரம்பத்தில் ஏறுகிறது! சென்சாரைச் சந்தேகப்பட்டு இரண்டு நாள் போச்சு. மூத்த பொறியாளர் ஒருவர் என் நிரலைப் பார்த்துவிட்டு, "தம்பி, இந்த ஃபங்ஷன் தீர்க்கிறது A X + X Aᵀ. உன் சமன்பாட்டில் Aᵀ முன்னாடி இருக்கு, பார்த்தியா?" என்றார். நான் A-ஐ அப்படியே கொடுத்திருந்தேன்.

நம் ஸ்பிரிங் கணக்கிலேயே அந்தத் தப்பைச் செய்து பாருங்க. a = 1, b = −1/2, c = 1/2 என்று வரும். பாசிட்டிவ் டெஃபினிட்தான்! A-க்கும் அதன் நிரை நிரல் மாற்றுக்கும் ஐகன் மதிப்புகள் ஒன்றே என்பதால் "அடங்கும்" என்ற தீர்ப்பும் சரியாகவே வரும். ஆனால் அந்த V நம் அமைப்பில் x1 = 1, x2 = 0 நிலையில் +2 வீதத்தில் ஏறும். தீர்ப்பு சரி, சான்று போலி. பாதுகாப்பு எல்லையை அதை வைத்துக் கணக்கிட்டால் எல்லையும் தப்பு. அதற்குப் பிறகு நான் இந்த மூன்று வரியைச் சேர்க்காமல் விட்டதில்லை:

```python
P = solve_continuous_lyapunov(A.T, -Q)
print(norm(A.T @ P + P @ A + Q))
cholesky(P)
```

Q-வுக்கு முன்னால் உள்ள கழித்தல் குறியை மறக்காதீங்க. இரண்டாவது வரியின் விடை பூஜ்யத்தை ஒட்டி இருக்கணும். Aᵀ இடம் மாறியிருந்தால் அங்கேயே மாட்டிக்கொள்ளும். P பாசிட்டிவ் டெஃபினிட் இல்லையென்றால் மூன்றாவது வரி பிழை காட்டி நின்றுவிடும். P-யின் எண்கள் லட்சக்கணக்கில் பெருத்து வந்தால் தீர்ப்பை உடனே நம்பாதீங்க. பெரும்பாலும் ஏதோ ஒரு ஐகன் மதிப்பு விளிம்பை ஒட்டி நிற்கிறது என்று அர்த்தம். பாக்கிப் பயணம் மிக நீளம். A-யில் நீங்கள் அளந்து போட்ட எண் கொஞ்சம் பிசகினாலும் அமைப்பு அந்தப் பக்கம் போய்விடலாம்.

அடுத்த அத்தியாயத்தில், முதலில் பார்த்தோமே, ஆற்றல் ஒரு கணம் குறையாமல் நிற்கும் அந்தப் பிரச்சினை, அதற்கு 1952-ல் பார்பாஷினும் கிராசோவ்ஸ்கியும் சொன்ன பதிலைப் பார்க்கலாம். அதுவரை தணிப்பு 3-ஐ 0.1 ஆக்கி P-ஐக் கையால் போட்டு வையுங்க. c எவ்வளவு பெருக்கிறது என்று பார்த்தால், நான் கடைசியாகச் சொன்னது புரியும்.