இருளுக்குப் பழகும் கண்ணும் சிவப்பு விளக்கும்

வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்த கண், மங்கலான ஒளியைக் காணும் திறனைச் சிறிது சிறிதாகப் பெறுவது இருள் தகவமைவு எனப்படும். கண்பாவை சில நொடிகளிலேயே விரிந்துவிடும். நிறத்தை உணரும் கூம்பு செல்கள் ஏறத்தாழ 10 நிமிடங்களில் தம் உச்சத் திறனை எட்டும். மங்கல் ஒளியை உணரும் குச்சி செல்களுக்கு 30 முதல் 40 நிமிடங்கள் தேவை.

இதன் காரணம் 19ஆம் நூற்றாண்டில் தெரியவந்தது. பொழுது புலரும் வேளையில் சிவப்பு மலர்கள் கருமையாகவும் நீல மலர்கள் பளிச்சென்றும் தோன்றுவதைச் செக் நாட்டு அறிஞர் புர்கின்யே 1825இல் எழுதினார். இருட்டில் வைத்த தவளையின் விழித்திரை செந்நிறமாக இருப்பதையும், ஒளி பட்டதும் அது வெளுப்பதையும் 1876இல் பிரான்சு போல் கண்டார். குச்சி செல்களில் உள்ள அந்த நிறமியே ரோடாப்சின். அது மீண்டும் உருவாகும் நேரமே நாம் இருட்டில் காத்திருக்கும் நேரம். விழித்திரையில் வைட்டமின் ஏ இருப்பதை 1933இல் சார்சு வால்டு கண்டறிந்தார். அந்த வைட்டமின் குறைந்தால் மாலைக்கண் நோய் வருவது ஏன் என்பதும் இதனால் விளங்கியது.

ரோடாப்சின் 500 நானோமீட்டர் அளவிலான நீலப்பச்சை ஒளியையே மிகுதியாக ஏற்கும். ஆழ்ந்த சிவப்பு ஒளியை மிகக் குறைவாகவே ஏற்கும். இதைக் கொண்டே, இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க உளவியலாளர் வால்டர் மைல்சு இரவு விமானிகளுக்குச் சிவப்புக் கண்ணாடியைப் பரிந்துரைத்தார். அதை அணிந்தவர் வெளிச்சமுள்ள அறையில் இருந்தபடியே கண்ணை இருளுக்குத் தயார் செய்யலாம். வான்நோக்குவோரின் சிவப்பு விளக்கும் இதே அடிப்படையில் உதவுகிறது.

தஞ்சாவூர்ப் பகுதியின் சமவெளி வயல்களில் தென்வானம் மறைப்பின்றித் தெரியும். மே மாத நடுவில், நிலவில்லாத இரவில், பத்து மணியளவில் ஒமேகா சென்டாரி என்னும் விண்மீன் கொத்து தெற்கே ஏறத்தாழ 32 பாகை உயரத்தில் நிற்கும். விளக்கு எதையும் பாராமல் அரைமணி நேரம் இருந்தபின், அதை நேராகப் பார்க்காமல் சற்று ஒதுங்கிப் பார்க்க வேண்டும். விழித்திரையின் நடுப்புள்ளியில் குச்சி செல்கள் இல்லை என்பதே இதற்குக் காரணம். அப்போது அது மங்கலான பஞ்சுப் பொட்டாகத் தெரியும்.

வான்வரைபடத்தைப் பார்க்கும் சிவப்பு விளக்கு, எழுத்து தெரியும் அளவுக்கு மட்டுமே எரிய வேண்டும். சிவப்பேயானாலும் பிரகாசமான ஒளி தகவமைவைக் குலைக்கும். வெள்ளை விளக்கின்மேல் சுற்றிய மெல்லிய சிவப்புத் தாள் பிற நிறங்களையும் கசியவிடும். சோதிக்க எளிய வழி உண்டு: விளக்கை அணைத்தவுடன், முன்பு தெரிந்த மிக மங்கலான விண்மீன் உடனே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் விளக்கின் ஒளி அதிகம். வரைபடத்தில் சிவப்பு மையால் குறித்தவை இவ்வொளியில் மறைந்துவிடும் என்பது இம்முறையின் குறை. நகர விளக்குகளால் வானமே வெளுத்திருந்தால், பழகிய கண்ணுக்கும் இப்பொட்டு புலப்படாது.